ஸ்டாப் தொட்டது, ஆர்டர் முடிந்ததா? பேக்டெஸ்டின் இரண்டு வடிவங்கள்

இந்தியாவில் ஆல்கோ டிரேடிங் பழகுகிறவர்களில் பலர் முதலில் கோட் எழுதிப் பார்ப்பது 9:20 ஸ்ட்ராடில்தான். என்எஸ்இ சந்தை 9:15-க்குத் திறக்கிறது. முதல் ஐந்து நிமிட ஆட்டம் அடங்கட்டும் என்று விட்டுவிட்டு, 9:20-க்கு நிஃப்டி எங்கே நிற்கிறதோ அதற்கு மிக அருகிலுள்ள ஸ்ட்ரைக்கில் ஒரு கால் ஆப்ஷனையும் ஒரு புட் ஆப்ஷனையும் விற்பார்கள். ஒவ்வொரு லெக்குக்கும் தனித்தனி ஸ்டாப்லாஸ் உண்டு. விற்ற விலைக்கு 25 சதவீதம் மேலே என்பது பரவலான கணக்கு. ஸ்டாப் படாத லெக்கை மாலை 3:15 வாக்கில் மூடிவிடுவார்கள். இதோடு இன்னொரு விதியையும் பலர் சேர்த்துக்கொள்கிறார்கள்: ஒரு லெக்கில் ஸ்டாப் பட்டால், மற்ற லெக்கின் ஸ்டாப்பை அதை விற்ற விலைக்கே, அதாவது காஸ்ட்டுக்கு, இறக்கிவிட வேண்டும்.

கேட்பதற்கு எளிதான உத்திதான். ஆனால் பேக்டெஸ்டில், அதாவது உத்தியைப் பழைய தரவில் ஓட்டிப் பார்க்கும் சோதனையில், வரும் லாபக்கோடும் நேரடிச் சந்தையில் கிடைக்கும் கணக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதைக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. கட்டணமும் வரியும் அதற்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அவற்றை எந்த வகை பேக்டெஸ்டிலும் சரியாகக் கழித்துவிட முடியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பேக்டெஸ்டின் வெக்டரைஸ்டு, ஈவென்ட்-டிரிவன் என்ற இரண்டு வடிவங்களை ஒப்பிட்டால் அது தெரியும்.

வெக்டரைஸ்டு பேக்டெஸ்டில் ஒரு நாளின் எல்லா ஒரு நிமிட கேண்டில்களும் ஒரே அட்டவணையாக நினைவகத்தில் இருக்கும். பாண்டாஸ், நம்பை போன்ற நூலகங்களைக் கொண்டு ஒரு கேள்வியை மொத்தப் பத்தியிடமும் ஒரே நேரத்தில் கேட்கிறோம். புட்டின் 9:20 முதலான கேண்டில்களை `pe` என்று வைத்துக்கொண்டால், புட் லெக்கின் ஸ்டாப்பைக் கண்டுபிடிக்கும் பகுதி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

```python
sl = pe_entry * 1.25
hit = pe["high"] >= sl
exit_time = hit.idxmax()
exit_price = sl
```

நான்கே வரி. ஐந்து வருடத் தரவையும் நொடிகளில் ஓட்டிவிடலாம். இதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது: அன்று முழுக்க ஸ்டாப் படவே இல்லை என்றால் `idxmax()` பிழை எதுவும் காட்டாது, அட்டவணையின் முதல் நேரத்தையே திருப்பித் தரும். நிரலோ 9:20-க்கே ஸ்டாப்பில் வெளியேறிவிட்டதாக எழுதிக்கொள்ளும். முதலில் `hit.any()` கேட்டால் போதும், இது சரியாகிவிடும். கடைசி வரி அப்படி இல்லை. `exit_price = sl` என்ற அந்த ஒரு வரி, விலை ஸ்டாப்பைத் தொட்ட கணத்திலேயே, அதே விலையில், முழு அளவும் வாங்கப்பட்டுவிட்டது என்று அறிவிக்கிறது. ஆர்டர் என்ற ஒன்றே அங்கு இல்லை.

ஈவென்ட்-டிரிவன் பேக்டெஸ்டில் அட்டவணை உத்தியின் கண்ணுக்குத் தெரியாது. தரவு ஒரு வரிசையில் நின்று, ஒவ்வொன்றாக, நேர ஒழுங்கில் வரும். விலை வந்தால் ஒரு நிகழ்வு. ஆர்டர் முடிந்தால் இன்னொரு நிகழ்வு. ஆர்டர் நிராகரிக்கப்பட்டால் அதுவும் ஒரு நிகழ்வு.

```python
while events:
    ev = events.popleft()
    if ev.kind == "TICK":
        broker.match(ev)
        strategy.on_tick(ev)
    elif ev.kind == "FILL":
        strategy.on_fill(ev)
    elif ev.kind == "REJECT":
        strategy.on_reject(ev)
```

இதில் `broker.match` முதலிலும் `strategy.on_tick` பிறகும் இருப்பது தற்செயல் அல்ல. ஏற்கெனவே நிற்கும் ஆர்டர்கள் வந்த விலையோடு முதலில் பொருத்திப் பார்க்கப்படுகின்றன. அதன் பிறகுதான் உத்தி அந்த விலையைப் பார்க்கிறது. அப்போது அது போடும் புதிய ஆர்டர், அடுத்த விலை வரும்வரை காத்திருந்தாக வேண்டும். இந்த இரண்டு வரிகளையும் இடம் மாற்றிப் போட்டால், பார்த்த விலையிலேயே வாங்கிவிட்ட பழைய பொய் மறுபடி உள்ளே வந்துவிடும். பேக்டிரேடர் நூலகத்தில் சந்தை ஆர்டர் வழக்கமாக அடுத்த கேண்டிலின் தொடக்க விலையில் நிறைவேறுவதும் இதே காரணத்தால்தான்.

சரி, ஒரு நாளை எடுத்து நடத்திப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. 9:20-க்கு நிஃப்டி 24,812. ஸ்ட்ரைக் 24,800. கால் 92 ரூபாய்க்கும் புட் 84 ரூபாய்க்கும் விற்கப்பட்டன. ஸ்டாப்கள் முறையே 115, 105. லாட்டுக்கு 75 என்று வைத்துக்கொள்வோம். 11:06 வரை பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அப்போது ஏதோ செய்தி வந்து சந்தை சரிகிறது. அந்த ஒரு நிமிடத்தில் புட்டின் தொடக்கம் 96, உச்சம் 112, தாழ்வு 95, முடிவு 110. அதே நிமிடத்தில் காலின் தொடக்கம் 93, உச்சம் 95, தாழ்வு 82, முடிவு 83.

வெக்டரைஸ்டு நிரல் என்ன சொல்கிறது? புட்டின் உச்சம் 112, ஸ்டாப் 105, ஆகவே 105-க்கு வெளியேற்றம். நஷ்டம் 21 ரூபாய், லாட்டுக்கு 1,575. உடனே காலின் ஸ்டாப் 92-க்கு இறங்குகிறது. 11:06 முதல் காலின் உச்சம் 92-ஐத் தொட்டதா என்று நிரல் தேடுகிறது. அதே 11:06 கேண்டிலிலேயே உச்சம் 95. ஆக காலும் 92-க்கே மூடப்பட்டது, லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. நாள் முடிந்தது.

உள்ளபடி நடந்தது வேறு. காலின் உச்சமான 95 அந்த நிமிடத்தின் தொடக்கத்தில், சந்தை சரிவதற்கு முன் வந்தது. புட் 105-ஐத் தொட்டபோது கால் 85-க்கு வந்துவிட்டது. அப்போது வைத்த 92 ஸ்டாப் சந்தைக்கு மேலே பத்திரமாக நின்றது. மாலை 3:15-க்குக் கால் 31-க்குப் போய், 61 ரூபாய் லாபம் தந்தது. லாட்டுக்கு 4,575. வெக்டரைஸ்டு நிரல் இந்த நாளை 1,575 நஷ்டம் என்று எழுதியது. உண்மையில் அது லாபமான நாள். வெக்டரைஸ்டு என்றாலே லாபத்தை ஊதிக் காட்டும் என்று ஒரு பொதுவான எண்ணம் இருக்கிறது. அப்படிக் கட்டாயம் இல்லை. பிழை இரண்டு பக்கமும் விழும், அதனால்தான் மொத்தக் கூட்டலில் அது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

தேடலை 11:07-லிருந்து தொடங்கச் சொன்னால் இந்தப் பிழை போய்விடும். பலரும் அப்படித்தான் சரிசெய்கிறார்கள், தவறில்லை. ஆனால் இப்போது அதே நாளைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். செய்தி பெரிது, வாலட்டிலிட்டி ஏறிவிட்டது. சந்தை சரிந்தாலும் காலின் பிரீமியம் இறங்கவில்லை. புட்டின் ஸ்டாப் படும்போது கால் 94-இல் நிற்கிறது. விதிப்படி காலின் ஸ்டாப்பை 92-க்குக் கொண்டுவர வேண்டும். விற்றதைத் திரும்ப வாங்கும் ஸ்டாப் ஆர்டரின் டிரிகர் விலை, கடைசியாக நடந்த வர்த்தக விலைக்கு மேலே இருக்க வேண்டும். 94-இல் நிற்கும் ஆப்ஷனுக்கு 92 டிரிகர் வைத்தால் ஆர்டர் நிராகரிக்கப்படும்.

வெக்டரைஸ்டு நிரலுக்கு இது தெரியாது. 11:07-இன் உச்சம் 96, அது 92-க்கு மேல், ஆகவே 92-க்கு வெளியேற்றம் என்று எழுதிவிடும். அந்த நேரத்தில் சந்தையில் 92 என்ற விலையே இல்லை. நேரடியில் இரண்டே வழிகள்: 95 போல ஒரு விலையில் உடனே மூடிவிட வேண்டும், அல்லது நிராகரிப்பைக் கவனிக்காமல் விட்ட நிரல் ஸ்டாப்பே இல்லாத ஒரு ஷார்ட் பொசிஷனைச் சுமந்துகொண்டிருக்கும். இரண்டாவதுதான் பயங்கரமானது. ஸ்டாப்பை மாற்றுவதற்குப் பதிலாகப் பழைய 115 ஆர்டரை முதலில் ரத்து செய்துவிட்டு, பிறகு 92-இல் புதிதாகப் போடுகிற நிரல்களில் இது நடந்தே தீரும். பழையது போய்விட்டது, புதியது வரவில்லை.

ஈவென்ட்-டிரிவன் அமைப்பில் `on_reject` என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் எதையாவது எழுதியாக வேண்டும். பேக்டெஸ்டிலேயே அந்தக் கேள்வி நம்மிடம் கேட்கப்பட்டுவிடுகிறது. நேரடிச் சந்தைக்கு அருகில் இருப்பது என்று நான் சொல்வது முக்கியமாக இதைத்தான். விலைகள் துல்லியமாக இருக்கின்றன என்பதல்ல, நேரடியில் எந்தெந்த நிலைகளில் நிரல் மாட்டிக்கொள்ளுமோ அந்த நிலைகளெல்லாம் பேக்டெஸ்டிலும் இருக்கின்றன என்பதே.

புட் லெக்குக்குத் திரும்பி வருவோம். அது 105-இல் மூடப்பட்டது என்று இதுவரை ஏற்றுக்கொண்டு பேசினோம். ஆப்ஷன்களில் ஸ்டாப்லாஸ்-மார்க்கெட் ஆர்டர் வகையை என்எஸ்இ 2021 செப்டம்பர் 27 முதல் நிறுத்திவிட்டது. அதன் பிறகு ஸ்டாப்லாஸ்-லிமிட் மட்டுமே. டிரிகர் 105, லிமிட் 108 என்று வைத்தோம் என்றால், விலை 105-ஐத் தொட்டதும் 108-க்கு ஒரு லிமிட் வாங்கும் ஆர்டராக அது மாறும். பதற்றமான நிமிடத்தில் பிரீமியம் 104.20-லிருந்து நேரே 108.60-க்குத் தாவினால்? ஆர்டர் டிரிகர் ஆகிவிட்டது, நிறைவேறவில்லை. 108-இல் அது காத்து நிற்கிறது, விலை மேலே போய்க்கொண்டிருக்கிறது. 11:07-இன் தாழ்வே 109.

ஸ்டாப் பட்டது, ஆனால் இன்னும் வெளியே வரவில்லை. இப்படி ஒரு நிலையை `hit` என்ற ஆம்-இல்லை பத்தியில் எழுத இடமே இல்லை. நிகழ்வு வரிசையில் இது இயல்பாக வருகிறது: டிரிகர் ஆனது ஒரு நிகழ்வு, நிறைவேறியது இன்னொரு நிகழ்வு, இடையில் நேரம் இருக்கிறது. அந்த இடைவெளியில் காலின் ஸ்டாப்பை இறக்க வேண்டுமா? டிரிகர் ஆனவுடனேயா, நிறைவேறிய பிறகா? விதியைச் சொன்னபோது இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றியிருக்காது. நிறைவேறிய பிறகு என்பதே பாதுகாப்பு என்பது என் கருத்து, ஏனென்றால் காலின் ஸ்டாப்பை இறக்கி அதுவும் பட்டுவிட்டால், சரிவை எதிர்த்து லாபம் தரக்கூடிய லெக் போய்விடும், புட் மட்டும் திறந்தே நிற்கும்.

ஐந்து விநாடியில் நிறைவேறாவிட்டால் லிமிட்டை உயர்த்து என்று நிரலில் எழுதியிருந்தால் புட் 114-க்கு மூடப்படலாம். நஷ்டம் 30 ரூபாய், லாட்டுக்கு 2,250. பேக்டெஸ்ட் எழுதிய 1,575-உடன் ஒப்பிட்டால் 675 ரூபாய் கூடுதல். இந்த வித்தியாசம் எல்லா நாட்களுக்கும் பரவலாகப் பிரிந்து வருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாதாரண நாட்களில் ஸ்டாப் 105.30, 105.50 என்று அழகாக முடியும். வேகமான நாட்களில் மட்டும் மொத்தமாக வந்து விழும். அதனால் ‘ஒவ்வொரு டிரேடுக்கும் ஒரு ரூபாய் ஸ்லிப்பேஜ்’ என்று ஒரே எண்ணைக் கழித்தால் சராசரி சரியாக வரலாம். மோசமான நாளின் ஆழம் சரியாக வராது. ஆப்ஷன் விற்பவருக்கு அந்த ஆழம்தான் முக்கியம்.

வெக்டரைஸ்டு அட்டவணைகளில் இன்னொரு பிழையை அடிக்கடி பார்க்கலாம். தரவைச் சுருக்கி வைப்பதற்காக ‘ஏடிஎம் கால்’, ‘ஏடிஎம் புட்’ என்று இரண்டு பத்திகள் செய்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு நிமிடமும் அப்போதைய நிஃப்டிக்கு அருகிலுள்ள ஸ்ட்ரைக்கின் பிரீமியம் அதில் இருக்கும். 9:20-க்கு விற்றது 24,800. நிஃப்டி 24,900-க்குப் போய்விட்டால் அந்தப் பத்தியில் இருப்பது 24,900-இன் விலை. நாம் விற்ற 24,800 கால் எகிறிவிட்டது, பத்தியோ சாந்தமாக இருக்கிறது. ஸ்டாப் படவே படாது! ஈவென்ட்-டிரிவன் அமைப்பில் பொசிஷன் என்பது குறிப்பிட்ட ஒரு கான்ட்ராக்டின் பெயரோடு இருக்கும்; அந்தப் பெயரில் வரும் விலை மட்டுமே அதைத் தொடும். இந்தத் தவறைச் செய்யவே முடியாது என்று சொல்லமாட்டேன், ஆனால் மெனக்கெட்டுத்தான் செய்ய வேண்டும்.

எதிர்காலத் தகவல் கசிவதும் இதே வகைதான். இந்தியத் தரவில் ஒரு நிமிட கேண்டிலுக்குப் பெரும்பாலும் தொடக்க நேரத்தையே முத்திரையாக இடுகிறார்கள். 9:20 என்று எழுதிய கேண்டிலின் முடிவு விலை 9:21-க்குத்தான் தெரியும். அந்த முடிவு விலையைக் கொண்டு ஸ்ட்ரைக்கைத் தேர்ந்தெடுத்து, அதே வரிசையின் தொடக்க விலையில் விற்றால், ஒரு நிமிடம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு விற்றதாக ஆகிவிடும். `shift(1)` போட்டால் சரியாகும், போட மறந்தால் யாரும் எச்சரிக்கமாட்டார்கள். நிகழ்வு வரிசையில் அந்த கேண்டில் 9:21-க்குத்தான் வந்து சேரும். அதற்கு முன் கேட்டாலும் கிடைக்காது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஈவென்ட்-டிரிவன் என்று பெயர் வைத்தாலே உண்மை வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒரு நிமிட கேண்டில்களையே நிகழ்வுகளாக அனுப்பினால், நிமிடத்துக்குள் எது முதலில் நடந்தது என்பது அதற்கும் தெரியாது. மேலே பார்த்த 11:06-இல் புட் 96-லிருந்து 112-க்குப் போனது மட்டும்தான் கேண்டிலில் இருக்கிறது. 108-ஐத் தாண்டும்போது நமக்குக் கிடைத்திருக்குமா, தாவிவிட்டதா என்பதை அதிலிருந்து சொல்ல முடியாது. டிக் தரவு வேண்டும், இல்லையென்றால் நமக்குப் பாதகமானதையே எடுத்துக்கொள்ளும் விதி வேண்டும். டிக் தரவிலும் ஒரு நெருடல் உண்டு: சில்லறை தரகர்களின் ஏபிஐ அனுப்புவது ஒவ்வொரு வர்த்தகத்தையும் அல்ல, அவ்வப்போதைய ஸ்னாப்ஷாட்களை. இரண்டு ஸ்னாப்ஷாட்டுக்கு நடுவே வந்துபோன உச்சம் நேரடியில் உங்கள் நிரலுக்குத் தெரியாது, ஆனால் பரிவர்த்தனை நிலையத்தில் நிற்கும் ஸ்டாப் ஆர்டருக்குத் தெரியும். ஸ்டாப்பை நிரலுக்குள் வைத்திருக்கிறீர்களா, சந்தையில் ஆர்டராக வைத்திருக்கிறீர்களா என்பதைப் பொறுத்து பேக்டெஸ்டின் பொருத்தும் விதியும் மாற வேண்டும். லிமிட் ஆர்டர் வரிசையில் நமக்கு முன்னால் எத்தனை பேர் என்பதும் பெரும்பாலும் ஊகம்தான்.

வேகத்திலும் விலை கொடுக்க வேண்டும். பைத்தானில் ஒவ்வொரு டிக்கையும் ஒரு லூப்பில் ஓட்டினால், வெக்டரைஸ்டு நொடியில் முடிப்பதற்குப் பல மணிநேரம் ஆகலாம். 25 சதவீத ஸ்டாப் நல்லதா 35 நல்லதா, 9:20 நல்லதா 9:45 நல்லதா என்று நூற்றுக்கணக்கான சேர்க்கைகளை வடிகட்ட வெக்டரைஸ்டு முறையே தோது. மாதம் ஒருமுறை பங்குகளை வரிசைப்படுத்தி மாற்றிவைக்கும், ஸ்டாப் எதுவும் இல்லாத உத்திக்கு அதுவே போதும். அங்கே ஈவென்ட்-டிரிவன் கட்டுவது வீண் வேலை. இரண்டுக்கும் நடுவிலும் கருவிகள் இருக்கின்றன. வெக்டர்பிடி என்ற நூலகம் பெயரில் வெக்டர் வைத்திருந்தாலும், சிக்னல்களைப் பொசிஷன்களாக மாற்றும் இடத்தில் நம்பாவால் வேகப்படுத்தப்பட்ட லூப்பைத்தான் ஓட்டுகிறது. பொசிஷனின் அடுத்த நிலை முந்தைய நிலையைச் சார்ந்திருக்கும்போது எங்கேயாவது லூப் வந்துதான் ஆக வேண்டும்.

உங்கள் பேக்டெஸ்ட் எந்த அளவுக்குப் பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் உதவும். முதலாவது, தரவை வெட்டிப் பார்ப்பது. ஒரு நாளை 11:00-உடன் வெட்டிவிட்டு நிரலை ஓட்டுங்கள்; பிறகு முழு நாளையும் கொடுத்து ஓட்டுங்கள். 11:00-க்கு முன் எடுக்கப்பட்ட முடிவுகள் இரண்டு ஓட்டத்திலும் அட்சரம் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு முடிவு மாறினாலும் எதிர்காலம் எங்கோ கசிகிறது. பத்து நாட்களுக்கு, வெவ்வேறு வெட்டு நேரங்களில் செய்து பார்த்தாலே பெரும்பாலான கசிவுகள் சிக்கிவிடும்.

இரண்டாவது, நேரடியில் ஓடிய நாட்களைத் திரும்ப ஓட்டுவது. நேரடி நிரல் அன்று வாங்கிய டிக்குகளைச் சேமித்து வைத்திருந்தால், அவற்றையே பேக்டெஸ்டுக்குள் ஊற்றி, ஆர்டர் பதிவுகளை வரிவரியாக ஒப்பிடலாம். ஈவென்ட்-டிரிவன் அமைப்பில் உத்தியின் கோட் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், `broker` மட்டுமே மாறுகிறது. ஆகவே அதுவரை நிறைவேறிய விலைகளும் நேரங்களும் ஒத்திருந்தால், ஆர்டர் போட்ட நேரம், ஸ்ட்ரைக், டிரிகர் விலை மூன்றும் அப்படியே பொருந்த வேண்டும். இவற்றில் ஒன்று மாறினாலும் அது நிரல் பிழை. நிறைவேறிய விலை மட்டும் மாறினால் அது பொருத்தும் விதியின் குறை. அந்த வித்தியாசங்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டாமல், சாதாரண வெளியேற்றம் தனி, ஸ்டாப் வெளியேற்றம் தனி, லிமிட்டைத் தாண்டித் துரத்தி வாங்கியது தனி என்று பிரித்து வைத்தால், மூன்றுக்கும் மூன்று வேறு ஸ்லிப்பேஜ் கிடைக்கும். மூன்றாவது வகைக்கு எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும், அதற்குச் சராசரி எடுக்காமல் நேரடியில் கண்ட மிக மோசமான விலையையே பேக்டெஸ்டில் வைப்பேன்.